பழைய மசாலாக் கடைக்குப் புதுப் பலகை, புது டப்பா: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

டர்பனில் மசாலா, பருப்பு, பூஜைச் சாமான் விற்கும் குடும்பக் கடைகள் பல இப்போது பேரப்பிள்ளைகள் கைக்கு வருகின்றன. பலகையும் டப்பாவும் பழசாகத் தெரிகின்றன, மாற்றத்தான் வேண்டும், ஆனால் தலைமுறை தலைமுறையாக வாங்குகிறவர்கள் போய்விடக் கூடாது என்ற கவலையோடு என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு தெளிவாகப் புரிய ஒரு மாதிரிக் கடையை வைத்துச் சொல்கிறேன். அதன் எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக.

எங்க தாத்தா ஆரம்பிச்ச கடை. எல்லாமே பழசா இருக்கு. எதிலிருந்து தொடங்கணும்?

டிசைனரிடம் போவதற்கு முன்னால், மக்கள் உங்களை எதை வைத்து அடையாளம் காண்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் பெயர்தான் அடையாளம் என்று நினைக்கிறார்கள். வாங்குகிறவர் மனத்தில் இருப்பது பல சமயம் வேறு. பெயரே தெரியாமல் இருபது வருஷமாக வாங்குகிறவர்கள் உண்டு. "சிவப்பு மூடி போட்ட டப்பா வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்புவார்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து டவுனுக்கு வருகிற ஆயா ஒருவருக்கு, கல்லாவுக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருக்கும் மசாலாவும், அதைக் காகிதப் பையில் அள்ளிப் போடும் கைப்பக்குவமும்தான் உங்கள் கடை.

உங்களை நினைவுபடுத்துகிற பொருள்கள் எவை, நீங்கள் பாசமாக வைத்திருக்கிற பொருள்கள் எவை என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் வருகின்றன. குடும்பம் பாசத்தால் ஒன்றைக் காப்பாற்றும், டிசைனர் அழகு கருதி இன்னொன்றை எடுத்துவிடுவார். எடுத்ததுதான் கடையின் அடையாளம் என்பது அப்புறம்தான் தெரியவரும்.

வாடிக்கையாளர்களுக்கு எது முக்கியம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கேட்டா எல்லாரும் "நல்லாத்தான் இருக்கு, மாத்தாதே"ன்னு சொல்றாங்க.

கருத்துக் கேட்கக் கூடாது. ஞாபகத்தைச் சோதிக்க வேண்டும். உங்கள் டப்பா, பலகை, பை எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு அம்சத்தையும் தனியாகப் பிரித்து ஓர் அட்டையில் ஒட்டுங்கள். ஓர் அட்டையில் மூடியின் சிவப்பு மட்டும். இன்னொன்றில் லேபிளில் இருக்கும் லட்சுமி படம் மட்டும். அடுத்ததில் பலகையின் தமிழ் எழுத்தில் ஒரு துண்டு, தாத்தாவின் புகைப்படம், அதிகக் கார மசாலாவின் பெயர், இப்படி. கடைப் பெயர் எந்த அட்டையிலும் தெரியக் கூடாது.

ஒவ்வோர் அட்டையையும் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: "இதைப் பார்த்தா எந்தக் கடை ஞாபகத்துக்கு வருது?" பெயர்களைப் பட்டியலாகக் கொடுத்து அதில் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள், ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். "தெரியலை" என்பதும் ஒரு பதில்தான், குறித்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர் கடைக்காரராக இருக்கக் கூடாது. கல்லாவில் நின்று நீங்களே கேட்டால் எல்லோரும் உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள். கோவில் வாசலிலோ சந்தையிலோ, உங்களுக்குச் சொந்தமில்லாத ஒருவர் கேட்கட்டும். கேட்கப்படுகிறவர்களில் பாதி உங்கள் வழக்கமான ஆட்கள், பாதி மசாலா வாங்குகிற மற்றவர்கள் என்று இருந்தால் போதும்.

இதிலிருந்து இரண்டு எண்கள் எடுக்க வேண்டும். கேட்ட எல்லோரிலும் எத்தனை பேர் உங்களைச் சொன்னார்கள் என்பது ஒன்று. ஏதாவது ஒரு கடையின் பெயரைச் சொன்னவர்களில் எத்தனை பேர் உங்களைச் சொன்னார்கள் என்பது மற்றொன்று. முதலாவது அந்த அடையாளம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும். இரண்டாவது அது உங்களுக்கு மட்டுமே சொந்தமா என்று காட்டும். ஆஸ்திரேலியாவின் எரன்பெர்க்-பாஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜென்னி ரோமானியுக் பெரிய நிறுவனங்களுக்காக வகுத்த முறை இது. அறுபது பேரை வைத்துச் சின்னக் கடையும் செய்யலாம், துல்லியம் குறையுமே தவிர திசை தெரியும்.

மாதிரிக் கடையில் 60 பேரிடம் கேட்டோம் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மூடியைப் பார்த்து 46 பேர் ஏதோ ஒரு கடையைச் சொன்னார்கள், அதில் 41 பேர் நம்மைச் சொன்னார்கள். 60-க்கு 41 என்றால் 68 சதவீதம், 46-க்கு 41 என்றால் 89 சதவீதம். இரண்டும் உயரம். இந்தச் சிவப்பைத் தொடவே கூடாது, "கொஞ்சம் நவீனமான சிவப்பு" என்ற பேச்சுக்கும் இடம் தரக் கூடாது. தமிழ் எழுத்துத் துண்டைப் பார்த்து 36 பேர் பதில் சொன்னார்கள், 33 பேர் நம்மை. அதையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

லட்சுமி படத்துக்கு 48 பேர் பதில் சொன்னார்கள், ஆனால் 20 பேர்தான் நம்மைச் சொன்னார்கள். மற்ற 28 பேருக்கு வேறு கடைகள் ஞாபகம் வந்தன. அதாவது நம் டப்பாவில் இருக்கும் படம் பாதிக்கு மேல் பக்கத்துக் கடைக்கு வேலை செய்கிறது. அதிகக் கார மசாலாவுக்கு வைத்திருக்கும் "மதர் இன் லா எக்ஸ்டெர்மினேட்டர்" என்ற பெயரும் இப்படித்தான். டர்பனுக்கு வருகிற சுற்றுலாக்காரர் படம் பிடித்துக்கொண்டு போகிற பெயர் அது, ஆனால் ஒரு கடைக்கு மட்டும் சொந்தமில்லை. 50 பேர் ஏதோ கடையைச் சொன்னால் 12 பேர்தான் நம்மைச் சொல்கிறார்கள். பெயரை விற்பனைக்காக வைத்துக்கொள்ளலாம், அடையாளமாக நம்பக் கூடாது.

தாத்தாவின் புகைப்படம்தான் மனத்துக்குக் கஷ்டமான முடிவு. 9 பேர் மட்டும் கடையைச் சொன்னார்கள், 9 பேரும் நம்மையே. தெரிந்தவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது, ஆனால் 15 சதவீதம் பேருக்குத்தான் தெரிகிறது. இது டப்பாவின் முன்பக்கத்துக்கு உரியது அல்ல. கல்லாவுக்கு மேலே, மாலை போட்டு, பெரிதாக மாட்டுங்கள். கடைக்குள் வருகிறவர்களுக்கு அங்கேதான் அது பேசும்.

லட்சுமி படத்தை எடுத்தா பெரியவங்க மனசு நோகாதா?

நோகும், நீங்கள் விளக்காமல் எடுத்தால். ஆனால் பெரியவர்கள் பலருக்கே ஏற்கெனவே ஒரு சங்கடம் இருக்கிறது: மசாலா தீர்ந்ததும் சாமி படம் போட்ட பொட்டலத்தைக் குப்பையில் போட வேண்டியிருக்கிறது. இதையே காரணமாகச் சொல்லுங்கள், உண்மையும் அதுதான். படத்தைக் கடைக் காலண்டரில் போட்டு எல்லோருக்கும் கொடுங்கள். வருஷம் முழுக்க வீட்டில் மரியாதையாக இருக்கும்.

பலகையில தமிழ் எழுத்து வேணுமா? இங்க நிறையப் பேருக்குப் படிக்கவே தெரியாது.

வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு பல தலைமுறை கழிந்து, இங்கே தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு ஆங்கிலமாகிவிட்டது. எழுத்தைப் படிக்கத் தெரியாதவரும் அதன் வடிவத்தைப் பார்த்து "இது நம்ம கடை" என்று கண்டுகொள்கிறார். மேலே சொன்ன சோதனையில் அட்டையைப் பார்த்துப் பதில் சொல்ல யாரும் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

அதனாலேயே அந்த வடிவத்தைக் காப்பாற்றுவது முக்கியம். பழைய பலகை கையால் எழுதியதாக இருந்தால், நேருக்கு நேர் நின்று நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, அந்த எழுத்துகளையே கணினியில் வரைந்து எடுக்கச் சொல்லுங்கள். புது எழுத்துரு எதுவும் தேவையில்லை.

இங்கே அடிக்கடி நடக்கிற விபத்து ஒன்று உண்டு. தமிழுக்குத் தயார்செய்யாத டிசைன் மென்பொருளில் எழுத்தை ஒட்டினால் கொம்புகள் இடம் மாறிவிடும். "கொ" என்பதில் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக மிதக்கும், புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றும் முளைக்கும். டிசைனருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கும் படிக்க வராது என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள், பலகை ஏறிவிடும். கோவிலில் தமிழ் வகுப்பு எடுக்கிற ஆசிரியரிடம் கடைசி மாதிரியை, அச்சுக்குப் போகிற அதே கோப்பின் தாளை, காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் சரி என்ற பிறகு எழுத்தை உருவக் கோடுகளாக மாற்றித்தான் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் அங்கே எழுத்து கலைய வழியில்லை.

கடைப் பேருல "அண்ட் சன்ஸ்" இருக்கு. இப்ப நடத்துறது மகள் நான். எடுத்துடலாமா?

தாராளமாக. வாயால் யாரும் அதைச் சொல்வதில்லை, முதல் பெயரை மட்டும்தான் சொல்கிறார்கள். அந்த முதல் பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.

ஆனால் மூன்று பெயர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் பதிவுப் பெயர் ஒன்று, பலகையில் இருக்கும் வியாபாரப் பெயர் இன்னொன்று, வணிகச் சின்னமாகப் பதிந்தது மூன்றாவது. பலகைப் பெயரை மாற்றுவதற்குப் பதிவுப் பெயரை மாற்றத் தேவையில்லை. பதிவுப் பெயரை மாற்றப் போனால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், நிறுவனங்களைப் பதிவு செய்யும் சிஐபிசி அலுவலகத்தில் பதிவு, அப்புறம் வங்கி, வரித்துறை, சரக்குக் கொடுப்பவர்கள் என்று எல்லா இடத்திலும் தாள் மாற்ற வேண்டும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். பில்லிலும் கடிதத்திலும் பதிவுப் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பழைய பெயர் வணிகச் சின்னமாகப் பதிவாகியிருந்தால் இன்னொரு விஷயம். பதிவு 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஆனால் தொடர்ந்து 5 வருஷம் பயன்படுத்தாமல் விட்டால், அதை நீக்கச் சொல்லி வேறொருவர் விண்ணப்பிக்கலாம். பழைய பெயரை முழுக்கக் கைவிடாமல், ஒரு சின்ன டப்பாவிலாவது உண்மையாக விற்பனையில் வைத்திருங்கள்.

டப்பா மாத்துறப்பவே கலவையையும் கொஞ்சம் சரி பண்ணிடலாமா? மிளகாய் விலை ஏறிடுச்சு.

கூடவே கூடாது. இந்தக் கேள்வி எப்போதும் செலவைப் பற்றிய கேள்வியாக வருகிறது, ஆனால் கடை அடிவாங்குவது இங்கேதான்.

டப்பா மட்டும் மாறினாலே "ருசி மாறிப்போச்சு" என்பார்கள். 2011-இல் கோகோ கோலா தன் சிவப்பு டின்னைச் சில மாதங்களுக்கு வெள்ளையாக்கியது. உள்ளே இருந்தது அதே பானம். டயட் கோக் என்று நினைத்துச் சிலர் மாற்றி எடுத்தார்கள், சிலர் ருசியே வேறு என்றார்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே சிவப்புக்குத் திரும்பினார்கள். கண் எதிர்பார்ப்பதை நாக்கும் எதிர்பார்க்கிறது. இந்த நேரத்தில் கலவையும் உண்மையிலேயே மாறியிருந்தால், வருகிற புகாருக்கு டப்பா காரணமா மிளகாய் காரணமா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. "மசாலா அதேதான், அதே மிஷின், அதே கை" என்று வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியமும் போய்விடும்.

டர்பன் மசாலாவில் இது இன்னும் கூர்மை. இங்கே குழம்பின் சிவப்பைப் பார்த்துத்தான் மசாலாவை எடைபோடுகிறார்கள். காஷ்மீரி மிளகாயின் பங்கைக் கொஞ்சம் குறைத்தாலும் காரம் மாறுவதற்கு முன்னால் நிறம் மாறும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிச் சட்டியில் அது உடனே தெரியும்.

கலவையை மாற்றியே ஆக வேண்டும் என்றால் புது டப்பா வந்து ஆறு மாதமாவது ஆகட்டும். அதற்கு முன் மூன்று கிண்ணச் சோதனை செய்யுங்கள். ஒரே முறையில் சமைத்த குழம்பு மூன்று கிண்ணம்: இரண்டில் ஒரே மசாலா, ஒன்றில் மற்றது. எது வேறு என்று 18 பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். சும்மா ஊகித்தாலே ஏறக்குறைய 6 பேர் சரியாகச் சொல்வார்கள். 10 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மையிலேயே தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 6, 7 என்று வந்தால் ஓரளவு நிம்மதி, அவ்வளவுதான். வித்தியாசமே இல்லை என்று அது நிரூபிக்காது, இன்னும் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்ய வேண்டும். கிண்ணங்கள் ஒரே நிறமாக இருக்கட்டும், சமைத்தவர் பரிமாற வேண்டாம்.

வருஷத்துல எந்த நேரம் மாத்துறது நல்லது?

புரட்டாசியில் வேண்டாம். அந்த மாதம் கறி சாப்பிடாத வீடுகள் நிறைய, கறி மசாலா விற்பனை தானாகவே இறங்கும், நீங்கள் புது டப்பாவைக் குறை சொல்வீர்கள். அதைத் தொடர்ந்து தீபாவளிக் கூட்டம், அப்புறம் டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து வந்து ஊருக்கு மசாலா கட்டிக்கொண்டு போகிறவர்கள். பரபரப்பான கடையில் அவசரமாக வருகிறவர் பழகிய டப்பாவைத்தான் கண்ணால் தேடுவார், விளக்கம் சொல்ல உங்களுக்கும் நேரம் இருக்காது.

ஈஸ்டர் முடிந்த பிறகு, மே, ஜூன் மாதங்கள் அமைதியானவை. நான் அதைத்தான் சொல்வேன்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தலாமா, இல்ல கொஞ்சம் கொஞ்சமாவா?

குடும்பக் கடைக்குப் படிப்படியாகத்தான். முதலில் கடைக்குள் மாற்றுங்கள்: வெளிச்சம், அலமாரி, விலைப் பட்டியல், கார்டு மிஷின். இதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்வதில்லை. அடுத்தது டப்பா. மூடி அதே சிவப்பு, டப்பா அதே உயரம், லேபிள் மட்டும் புதுசு. முதல் மூன்று மாதம் லேபிளில் பழைய டப்பாவின் சின்னப் படமும் "மசாலா அதேதான்" என்ற வரியும் இருக்கட்டும். பழைய டப்பாவையும் புதியதையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், இரண்டையும் பார்த்தவர் கேள்வி கேட்காமலே புரிந்துகொள்வார். பலகை கடைசியில்.

பெயர் விஷயத்தில் ஊரே பாடம் சொல்கிறது. கிரே ஸ்ட்ரீட் அதிகாரப்பூர்வமாக டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் ஆகிப் பல வருஷம் ஆகிறது, விக்டோரியா ஸ்ட்ரீட் பெர்தா ம்கீஸே ஸ்ட்ரீட் ஆகிவிட்டது. இருந்தும் பெரியவர்கள் வழி சொல்வது பழைய பெயரில்தான், சந்தையும் இன்னும் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்தான். உங்கள் பையில் முகவரி அச்சடிக்கும்போது இரண்டு பெயரையும் போடுங்கள். கடைப் பெயரில் மாற்றம் இருந்தாலும் பழைய பெயரைக் கீழே சின்னதாக இரண்டு மூன்று வருஷம் வைத்திருங்கள்.

நல்லபடியா போகுதா இல்லையான்னு எப்பத் தெரியும்?

முதல் மாத விற்பனையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதுசு என்று எட்டிப் பார்க்க வருகிறவர்கள் கணக்கை உயர்த்திக் காட்டுவார்கள், அதே நேரத்தில் பழையவர்கள் சத்தமில்லாமல் விலகியிருக்கலாம். மொத்தம் ஒன்றும் சொல்லாது.

வழக்கமானவர்கள் நூறு பேரின் பெயரை மாற்றத்துக்கு முன்பே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், கடைசியாக வந்த தேதியோடு. ஒரு குடும்பம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மசாலா வாங்குகிறது என்றால், அவர்கள் விட்டுப்போனார்களா என்பது இரண்டு சுற்று, அதாவது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவரை ஒவ்வொருவர் வரும்போதும் டிக் போடுங்கள். மூன்று மாதத்தில் டிக் விழாதவர்களுக்குப் போன் செய்யுங்கள், சலுகை எதையும் பேசாமல் "என்ன ஆன்ட்டி, ஆளையே காணோம்" என்று மட்டும். காரணம் தானாக வரும்.

கல்லாவில் காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். "நல்லா இல்லை" என்பதைவிட ஆபத்தான கேள்வி ஒன்று உண்டு: "கடை கைமாறிடுச்சா?" அதை ஒரே வாரத்தில் நான்கைந்து பேர் கேட்டால் நீங்கள் தொடக் கூடாத ஏதோ ஒன்றைத் தொட்டிருக்கிறீர்கள். எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று அங்கேயே கேளுங்கள். பெரும்பாலும் ஒரே பொருளைச் சுட்டிக்காட்டுவார்கள்.

தப்பாப் போயிடுச்சுன்னா பழசுக்கே திரும்பலாமா? கேவலமா இருக்காதா?

திரும்பலாம், சீக்கிரம் திரும்பினால் மக்கள் சந்தோஷப்படுவார்கள். 2009 ஜனவரியில் பெப்சிகோ தன் ட்ராபிகானா ஆரஞ்சுச் சாற்றின் அமெரிக்கப் பெட்டியை மாற்றியது. உறிஞ்சுகுழல் குத்திய ஆரஞ்சுப் பழம் அதன் அடையாளம், அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி டம்ளர் சாற்றைப் போட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது, பிப்ரவரியிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள்.

அவர்களால் திரும்ப முடிந்ததற்குக் காரணம் பழையது கைவசம் இருந்ததுதான். சின்னக் கடையில் அது இருப்பதில்லை. பழைய லேபிளின் கோப்பு பத்து வருஷத்துக்கு முன் மூடிய ஏதோ அச்சகத்தில் போயிருக்கும். எனவே மாற்றுவதற்கு முன்பே பழைய லேபிளை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, அச்சுக்குத் தயாரான கோப்பாக்கி வையுங்கள். மூடியின் சிவப்புக்கு உரிய நிற எண்ணை மூடி தருகிறவரிடம் எழுதி வாங்குங்கள். புது லேபிளை முதலில் மூன்று மாதத்துக்குத் தேவையான அளவு மட்டும் அச்சடியுங்கள். மொத்தமாக அடித்தால் ஒரு லேபிளுக்குச் சில சென்ட் மிச்சமாகும், ஆனால் தவறு தெரிந்த பிறகும் தீரும்வரை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டிவரும். பழைய மூடியும் லேபிளும் ஒரு பெட்டி மாடியில் கிடக்கட்டும், ஆறு மாதம் கழித்து நோட்டில் டிக் எல்லாம் விழுந்த பிறகு தூக்கிப் போடலாம்.